பாண்டிலட்சுமியின் ப, ட, க

பாண்டிலட்சுமிக்கு வாயும் உண்டு, பேச்சும் உண்டு. ஆனால் அவள் பேசுவது அடுத்தவர் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி வழியிலேயே இறங்கிவிடும். இதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்தவன் அவள் புருசன் கோட்டைச்சாமி. பட்டாசுப் பெட்டி ஏற்றும் லாரிகளில் அவன் லோடுமேன். கடைக்குப் போனால் கையில் அகப்பட்டதையெல்லாம் வாங்கி வந்து நடுவீட்டில் கொட்டுவான். "நீ என்ன சொன்னேன்னு எனக்கு வெளங்கல தாயி. இதுல எதாச்சும் ஒண்ணு நீ சொன்னதா இருக்கும், எடுத்துக்க" என்பான்.

இதில் அவளைக் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறவள். ஷெட்டுக்கு நாலு பேர்தான் உட்காரலாம். வெடிமருந்துத் தூசி மூக்கிலும் வாயிலும் போகாமல் இருக்கத் துண்டை இறுகக் கட்டிக்கொள்வார்கள். கண் கையைவிட்டு நகராது. தலை நிமிராது. பேச்சு மட்டும் அந்தத் துண்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். உதடு அசையாவிட்டாலும் பாதகமில்லை, பக்கத்தில் இருப்பவளுக்கு இவள் என்ன சொல்லப் போகிறாள் என்பது முன்னமே தெரியும். போதாததற்குக் கூலி குரோஸ் கணக்கு, பன்னிரண்டு டஜனுக்கு இவ்வளவு என்று. எத்தனை கட்டுக் கட்டினாயோ அத்தனைக்குத்தான் காசு. கை பறக்கிற பறப்புக்கு நாக்கும் பறக்கும். இப்படிப் பல வருசம் பேசிய வாய் எப்படி இருக்கும்? ப-வும் ம-வும் உதட்டைத் தொடாமலே வெளியே வரும். ட-வும் க-வும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர்களை ஒரே ஒரு சீசனுக்கு அந்தத் துண்டைக் கட்டி உட்கார வைத்தால் தெரியும் சேதி.

திரி வெட்டுகிற இடத்தில் ஒருநாள் குப்பென்று பற்றியது. பாண்டிலட்சுமி உயிர் தப்பிவிட்டாள். வலது கை விரல்கள் தப்பவில்லை. புண் ஆறியது, ஆனால் விரல் மடங்கவில்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு கட்டுக் கட்ட முடியுமா, பெட்டி ஒட்ட முடியுமா? இனி வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, மேனேஜர் நவநீதகிருஷ்ணன் கூப்பிட்டு மைக் வேலையைக் கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கணக்குப் பார்க்கிற மனிதர், அவ்வளவுதான்.

மைக் வேலை என்றால் என்ன? காலையில் வேலை தொடங்கும் முன் பாதுகாப்புச் சங்கதிகளைச் சொல்ல வேண்டும். லாரி வந்தால் ஆளைக் கூப்பிட வேண்டும். டீ வந்தால் சொல்ல வேண்டும். இதெல்லாம் சும்மா. உண்மையான வேலை ஒன்றே ஒன்றுதான். வானம் கறுத்து இடி இடிக்கிற அறிகுறி தெரிந்ததும், கையில் இருப்பதை அப்படியே மெதுவாக வைத்துவிட்டு எல்லோரும் ஷெட்டைவிட்டு வெளியே வர வேண்டும் என்று அறிவிக்க வேண்டும். மருந்து இருக்கிற இடத்தில் மின்னல் இறங்கினால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஷெட்டுகள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி இருக்கும். ஓடி ஓடிச் சொல்ல முடியாது. ஆபீஸ் மேல் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கி சொல்கிற சொல்தான் சொல். அது பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

சித்திரை பிறந்ததும் கோடைமழைக்கு முன்னால் ஒரு ஒத்திகை வைத்தார்கள். பாண்டிலட்சுமி மைக்கைப் பிடித்தாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். ஆபீஸை ஒட்டிய ஷெட்டுகளில் இருந்து ஆட்கள் வந்தார்கள். கடைசி வரிசையில் ஓர் ஆளும் அசையவில்லை. மேனேஜர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால், அங்கே ராக்காயி தலைமையில் நாலு பெண்களும் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, குழாய்ல சொன்னது கேக்கலையா?"

"சத்தம் கேட்டுச்சு சார். என்னான்னுதான் தெரியல. டீ வந்துருச்சுன்னு சொல்லுதாளோ என்னமோன்னு இருந்துட்டோம்" என்றாள் ராக்காயி.

ராக்காயி பாண்டிலட்சுமிக்கு ஒரு வகையில் நாத்தனார் முறை. வாய்த்துடுக்கு அதிகம். சாயங்காலம் மினிபஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மதினி பேசுறது எப்படி இருக்கு தெரியுமா? பானைக்குள்ள தலைய விட்டுட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. பாண்டிலட்சுமியும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை.

அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. புருசனின் போனில் தேடிப் பார்த்தாள். நாக்கு திருந்த வேண்டுமானால் நா பிறழ் வாக்கியங்களைச் சொல்லிப் பழகு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சின்ன வயதில் விளையாட்டாகச் சொன்னதுதானே அதெல்லாம்! யார் தைத்த சட்டை தாத்தா தைத்த சட்டை. ஓடுகிற நரியில் ஒரு நரி கிழநரி. அடுப்படியில் நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

இங்கேதான் அவள் ஒரு தப்புப் பண்ணினாள். பட்டாசுக்காரி பண்ணக்கூடிய தப்பு அது. வேறு ஊர்க்காரி பண்ணியிருக்க மாட்டாள். நா பிறழ் வாக்கியத்தையும் குரோஸ் கணக்கில் சொல்ல ஆரம்பித்தாள்! தீப்பெட்டிக் குச்சியை ஒரு பக்கம் எடுத்து எடுத்து வைத்து எண்ணிக்கை. நேற்றைவிட இன்று கூட, இன்றைவிட நாளை கூட. எவ்வளவு வேகமாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குத் திறமை என்று நினைத்துவிட்டாள், பாவம். அவளுக்குத் தெரிந்த தொழில் தர்மம் அதுதான். சட்டை கட்டையாகி, கட்டை காணாமல் போய், நரியெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஓடின. தொண்டை கட்டிக்கொண்டது. தாடை வலித்தது. கோட்டைச்சாமி பக்கத்து வீட்டில் போய், "எதுக்கும் கொலசாமி கோயிலுக்கு ஒரு எட்டுக் கூட்டிட்டுப் போயிட்டு வரலாமான்னு பாக்கேன்" என்று யோசனை கேட்டிருக்கிறான்.

இரண்டாவது ஒத்திகை முன்னதைவிட மோசம். இப்போது பக்கத்து ஷெட்டுக்கே புரியவில்லை. நவநீதகிருஷ்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "சரி விடும்மா. சிவகாசியில சொல்லி நல்ல குரலாப் பதிவு பண்ணி வாங்கிருவோம். நீ பட்டனை அமுக்கு, போதும்" என்றார். கொஞ்சம் நின்று, "இந்த ஆர்டர் முடியிற வரைக்கும் இரு. பெறகு பாப்போம்" என்று சேர்த்துக்கொண்டார். பெறகு என்றால் என்ன அர்த்தம் என்று பாண்டிலட்சுமிக்குத் தெரியும். பட்டனை அமுக்க ஓர் ஆளா? வாட்ச்மேனே அமுக்கிவிடுவான்.

பதிவு வந்தது. முதல்நாள் காலையில் குழாயில் அந்தக் குரல் எழும்பியபோது பாண்டிலட்சுமிக்கே மெய்சிலிர்த்தது. ஒவ்வொரு சொல்லும் நறுக்கு நறுக்கென்று தனித்தனியாக வந்து விழுந்தது. கடைசி ஷெட் வரைக்கும் எழுத்தெழுத்தாய்க் கேட்டது. பொறாமையில் வயிறு எரிந்தது என்றே சொல்லலாம். எரிந்துகொண்டே இன்னொன்றும் தோன்றியது. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே?

கேட்காமல் என்ன! தினமும் காலையில் அதே மினிபஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டே வருவாளே ஒருத்தி, ரோஜா. டிக்கெட் கேட்கும்போது மட்டும் வாய் திறப்பாள். ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பர ஆட்டோக்களில் வருகிற குரலும் அவளுடையதுதான். சிவகாசியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. பாண்டிலட்சுமியைவிடப் பத்து வயது இளையவள். ஏதோ ஸ்தோத்திரம் சொல்கிற பக்திமான் என்று நினைத்து இத்தனை நாள் யாரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

மறுநாள் பாண்டிலட்சுமி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கேட்டும் விட்டாள்.

"பட்டாசுக் கம்பெனிக்கு இடி மின்னல்னு பேசிக் குடுத்தது நீதானம்மா?"

"ஆமாக்கா. நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. அது கேட்ட அன்னைக்கே என் பொழப்பு போச்சு."

ரோஜா திரும்பிப் பார்த்தாள். பாண்டிலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். சண்டை போடத்தான் வந்தாள். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. ரோஜா அவளுடைய மடங்காத விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. கேட்டாக, பேசிக் குடுத்தேன். குடுத்ததத் திருப்பி வாங்க முடியாது. ஆனா ஒண்ணு செய்யலாம். நீங்க பழகுறதை எனக்கு ஒருதரம் சொல்லிக் காட்டுங்க."

பாண்டிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையையும் நரியையும் ஓட்டிக் காட்டினாள். ரோஜா சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு மாலை போடலாம்.

"அக்கா, நீங்க எம்புட்டு வேகமாச் சொன்னீகளோ அம்புட்டுக்குத் தப்பாச் சொன்னீக. தப்பா நூறு தரம் சொன்னா தப்புதான் பழகும். நாக்குக்கு நல்லது கெட்டது தெரியாது, எதக் குடுத்தாலும் பழகிக்கிரும். மொதல்ல மெதுவா. ஒவ்வொரு எழுத்தா உடைச்சு. அது சுத்தமா வந்தாத்தான் கொஞ்சம் வேகம். எங்கன தட்டுதோ அங்கனயே நின்னு, திரும்ப மெதுவா."

"மெதுவாச் சொன்னா அதுல என்ன தெறமை இருக்கு?"

"மெதுவாச் சொல்லிப் பாருங்க, தெரியும்."

சொல்லிப் பார்த்தாள். மெதுவாகச் சொல்லவே வரவில்லை. உதடு ஒட்டாமல் ப-வைச் சொல்லிப் பழகிய வாய் அது. ரோஜா கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். ப சொல்லும்போது இரண்டு உதடும் மூடித் திறக்க வேண்டும், திறக்கும்போது ஒரு சின்னக் காற்று வெடித்து வர வேண்டும். ட-வுக்கு நாக்கு நுனி மேலே மடிந்து அண்ணத்தைத் தட்ட வேண்டும். க-வுக்கு நாக்கின் பின்பக்கம் தொண்டைக்கு மேலே போய் ஒட்டி விலக வேண்டும். முன்னே ஒன்று, நடுவே ஒன்று, பின்னே ஒன்று. "ப, ட, க. ப, ட, க. இதத்தான் நான் தெனமும் பஸ்ல சொல்லிக்கிட்டு வாரேன். நீங்கள்லாம் சாமி கும்புடுதேன்னு நெனச்சீகளாக்கும்" என்றாள் ரோஜா.

அன்றிலிருந்து அந்த மினிபஸ்ஸில் இரண்டு பக்திமான்கள்.

காலையில் எழுந்ததும் பல் விளக்கிவிட்டு ஒரு வாய் வெந்நீர். உதட்டைத் தளர்த்திக் குதிரை செருமுகிற மாதிரி பிர்ர்ர் என்று ஊதுவாள். வாயை மூடிக்கொண்டு நாக்கைப் பல்வரிசை மேல் ஒரு சுற்று இந்தப் பக்கம், ஒரு சுற்று அந்தப் பக்கம். தாடையை விரலால் தடவித் தொங்கவிடுவாள். பிறகு ப, ட, க. அதன் பிறகுதான் வாக்கியம். முதலில் எழுத்தெழுத்தாய், பிறகு சொல் சொல்லாய், பிறகு குரலே இல்லாமல் உதட்டையும் நாக்கையும் மட்டும் பெரிதாக அசைத்து, கடைசியில் சாதாரணக் குரலில். தொண்டையை இறுக்கிக் கத்தக் கூடாது. குரல் தொண்டையின் வேலை, எழுத்து உதட்டின் வேலை, ஒருத்தன் வேலையை இன்னொருத்தன் தலையில் கட்டாதே என்பது ரோஜாவின் சட்டம். டீ கொதித்து இறங்குகிற நேரம் போதும். அதற்கு மேல் சொன்னால் நாக்கு அசந்து மறுபடி தப்பு நுழைந்துவிடும். சாயங்காலம் இன்னொரு முறை, அதே அளவு. ஒருநாள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டு மூன்று நாள் சும்மா இருப்பதில் பிரயோசனம் இல்லை. பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசினால் சீக்கிரம் வரும் என்று போனில் பார்த்ததாகப் பாண்டிலட்சுமி சொன்னபோது, "ஏற்கனவே தாடை வலிங்கிறீக. அதக் கெட்டியாக் கடிச்சா இன்னும் வலிக்கும். வேணாம்" என்று ரோஜா தடுத்துவிட்டாள்.

ரோஜா சொன்னபடி சட்டையையும் நரியையும் சில நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, பாண்டிலட்சுமி சொந்தமாகக் கட்ட ஆரம்பித்தாள். "கட்டாத கட்டைக் கட்டிய கட்டோடு கட்டாதே. பெட்டிக்குள் பட்டாசு, பட்டாசுக்குள் பொட்டலம், பொட்டலத்தைத் தொட்டால் கெட்டது பெட்டி." ரோஜா அதைச் சொல்லிப் பார்த்து மூன்றுதரம் தடுக்கி விழுந்தாள். பாண்டிலட்சுமிக்கு அன்று இருந்த சந்தோசம், கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை என்று கோட்டைச்சாமியே சொன்னான்.

ஒரு கவலை மட்டும் அவளுக்கு விடவில்லை. "எனக்கு ழ வர மாட்டேங்குது. மழைய மளைன்னுதான் சொல்லுதேன்."

"நம்ம பக்கத்துல யாருக்கு வருது? கேக்குறவுகளும் மளைன்னு சொல்றவுகதான். அதப் பெறகு பாத்துக்கலாம். அதனால ஒண்ணும் குடி முழுகிறாது. ஒரு சொல்லு ஆரம்பிக்கிறதும் முடியிறதும் தெரியணும், அதுதான் காதுக்கு வேணும். சொல்லோட கடைசிய நீங்க முழுங்கிர்றீக பாருங்க, அதக் கவனிங்க."

குழாயைப் பற்றியும் ரோஜாதான் சொன்னாள். குழாயிலிருந்து போகிற சத்தம் குடோன் சுவரில் மோதித் திரும்பி வரும். அது வந்து சேருவதற்குள் அடுத்த சொல்லைப் போட்டால் இரண்டும் கலந்து கூழாகிவிடும். ஒரு சொற்றொடர் சொல், நிறுத்து, திரும்பி வருகிற சத்தம் அடங்கட்டும், பிறகு அடுத்தது. "நல்லாப் பேசுறதுல பாதி பேசாம இருக்கிறதுதான்க்கா."

சரி, வந்திருக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது? தன் பேச்சு தன் காதுக்கு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். போனில் பதிவு செய்து கேட்டால் கொஞ்சம் தெரியும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேட்க வேண்டும். ஆனால் அவளுக்கு வேண்டிய காது கடைசி வரிசையில் இருந்தது. மானத்தைவிட்டு ராக்காயியிடமே போனாள்.

"மதினி, மத்தியானம் சாப்பிட்டுட்டு அந்த வேப்பமரத்துக்கிட்ட போயி நில்லுங்க. நான் இங்கன இருந்து பேசுதேன், மைக் இல்லாம, கத்தாம. என்ன கேட்டுச்சோ அத அப்படியே எங்கிட்டச் சொல்லணும். சிரிக்கிறதுன்னாச் சிரிச்சுக்கோங்க."

ராக்காயி சிரித்தாள். நின்றாள். முதல்நாள் அவளுக்குப் பாதிதான் கேட்டது. ஆனால் அந்தத் துடுக்குக்காரியிடம் ஒரு நல்ல குணம், பொய் சொல்லத் தெரியாது. "கடைசிச் சொல்லு காத்துல போயிருச்சு மதினி." "இன்னைக்கு நடுவுல ஒரே எரைச்சல்." இப்படியே போய், வைகாசியில் ஒருநாள் மரத்தடியிலிருந்து நடந்து வந்து, பாண்டிலட்சுமி சொன்ன அத்தனையையும் திருப்பிச் சொல்லிவிட்டு, ஒரு கிண்டலும் பண்ணாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். பாண்டிலட்சுமிக்கு அது போதுமாக இருந்தது.

மேனேஜருக்கு அது போதாதே! அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் அன்போடுதான் பதில் சொன்னார். "நல்ல விசயம்மா. ஆனா பதிவு நல்லா இருக்குல்ல. காசு குடுத்து வாங்கியாச்சு. மாசக் கடைசியில ஆர்டர் முடியுது, அப்ப பேசுவோம்." அவள் மறுபடி பட்டனை அமுக்கப் போனாள். காலையில் ஒருதரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒருதரம். ஆட்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த இடி மின்னல் அறிவிப்பை அவர் தினமும் போடச் சொல்லியிருந்தார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது அவருக்குத் தெரியாத பழமொழியா? தெரியும். ஞாபகம் வரவில்லை. குழாயில் குரல் எழும்பியதும், "ரோஜா பாட ஆரம்பிச்சிட்டா, மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டு பெண்கள் அடுத்த கட்டை எடுப்பார்கள்.

அந்த மாசக் கடைசிக்கு முன் ஒருநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. சாப்பாட்டு நேரத்தில் காற்றே இல்லை. திடீரென்று மேற்கே மலைப்பக்கம் மையைக் கொட்டியது மாதிரி கறுத்து வந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று திரும்பியது. எங்கோ தூரத்தில் ஓர் உறுமல். நவநீதகிருஷ்ணன் ஆபீஸுக்குள் ஓடி வந்தார். "போடும்மா, போடு!"

பாண்டிலட்சுமி பட்டனை அமுக்கினாள். ரோஜாவின் குரல் பழுதில்லாமல் கணீரென்று போனது. முடிந்தது. இருவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள்.

ஒருத்தரும் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் தினமும் போடுகிற பதிவுதானே என்று அவரவர் வேலையில் இருந்தார்கள். குனிந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேற்கு வானம் எப்படித் தெரியும்? ஷெட்டின் கதவு இருந்தது கிழக்கும் மேற்குமாக இல்லை, தெற்கும் வடக்குமாக. மேனேஜர் மறுபடி பட்டனை அமுக்கினார். அதே குரல், அதே சொற்கள், அதே இனிமை. இந்தமுறை உறுமல் பக்கத்தில் கேட்டது. மூன்றாம் முறையும் பட்டன் பக்கமே அவர் கை போனது.

பாண்டிலட்சுமி மைக்கின் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அனுமதி கேட்கவில்லை. பயத்தில் அவள் நாக்கு பழைய ஓட்டத்துக்குத் தாவப் பார்த்தது. அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடு, கொட்டிவிடு என்று நெஞ்சு முட்டியது. பதறாத காரியம் சிதறாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவெல்லாம் நேரமில்லை. பழக்கம்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. உதட்டை மூடித் திறந்தாள்.

"நான் பாண்டிலட்சுமி பேசுதேன்."

நிறுத்தினாள். குடோன் சுவரில் மோதிய சத்தம் திரும்பி வந்து அடங்கியது.

"இது பதிவு இல்ல."

நிறுத்தினாள்.

"மேக்க இடி வருது. கடைசி வரிசை, ராக்காயி மதினி ஷெட்டு. கையில இருக்கிறத, மெதுவாக் கீழ வைங்க. எதையும் இழுக்காதீக. எதையும் எடுக்காதீக."

காற்று குழாயை ஆட்டியது. அவள் குரலை ஏற்றவில்லை. ஒவ்வொரு சொல்லின் தலையையும் காலையும் தெளிவாக வைத்தாள்.

"ஓட வேணாம். கதவத் தெறந்தபடியே விட்டுட்டு, கேட்டுப் பக்கம் நடந்து வாங்க."

கடைசி வரிசையில் முதலில் வெளிப்பட்ட தலை ராக்காயியுடையது. அவள் வானத்தைப் பார்த்தாள், பக்கத்து ஷெட்டைப் பார்த்துக் கையைத் தட்டினாள், நடந்தாள். பின்னாலேயே மற்ற மூவரும். பாண்டிலட்சுமி வரிசை வரிசையாக, ஷெட் ஷெட்டாகக் கூப்பிட்டாள். ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்கள் வெளியே வருவதைப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனாள். நவநீதகிருஷ்ணன் ஜன்னலில் நின்று, "வந்துட்டாக, வந்துட்டாக, அடுத்தது" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கேட்டை ஒட்டிய கட்டடத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அவளும் அவரும் கடைசியாகப் போனார்கள். பெருந்துளிகள் விழ ஆரம்பித்தன.

மின்னல் இறங்கியது. எங்கே என்று அப்போது தெரியவில்லை. கண்ணைப் பறித்துக்கொண்டு போகிற வெள்ளை, கூடவே காதைப் பிளக்கிற சத்தம். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்தபோது கடைசி வரிசைக்குப் பின்னால், வேலிக்கு அப்பால் ஒரு பனையின் உச்சி மழையிலும் எரிந்துகொண்டிருந்தது. ஷெட்டுகள் அப்படியே நின்றன. அங்கிருந்து ராக்காயி உட்கார்ந்திருந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று எல்லோரும் மனதுக்குள் அளந்தார்கள்.

ராக்காயிதான் முதலில் பேசினாள். "மதினி, ரோஜா சொன்னப்பவும் கேட்டுச்சு. நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா நம்மகிட்டச் சொல்லுதாகன்னு தோணல." பாண்டிலட்சுமியின் மடங்காத விரல்களை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பாண்டிலட்சுமியும் அழுதாள். அழட்டும், உயிரோடு இருக்கிறவர்கள்தானே அழ முடியும்.

மழை வெறித்த பிறகு நவநீதகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். அவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"பாண்டிலட்சுமி, அந்தப் பழைய பதிவத் தூக்கிருவோம். நீயே சிவகாசிக்குப் போயி ஒன் குரல்ல பதிஞ்சு குடுத்துரு. நல்லா வந்துருச்சு ஒனக்கு."

அவள் யோசிக்கவே இல்லை.

"வேணாம் சார். பதிஞ்சா நாலாம்நாள் நானும் வெறும் சத்தமாப் போயிருவேன். இடி வர்றப்ப மட்டும் அதச் சொல்லுதேன், அதுவும் நானே, ஆளப் பாத்து, பேரச் சொல்லி. தெனமும் போட வேணாம்."

கணக்குப் பார்க்கிற மனிதர் என்று சொன்னேன் அல்லவா? எந்தக் கணக்கைப் பார்த்தாரோ தெரியாது.

"சரி. ஆர்டர் முடிஞ்சாலும் நீதான் மைக்கு. வேற என்ன வேணும்?"

"காலையில பேசுறதுக்கு இன்னுங் கொஞ்சம் நேரம் குடுங்க சார். நான் மெதுவாத்தான் பேசுவேன்."

கட்டுக்குக் கட்டு காசு எண்ணுகிற அந்த இடத்தில் இப்படி ஒன்றை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பேசி முடிக்கிறவரை ஒரு கை வேலை செய்யாது, ஒரு கட்டு நகராது. பெண்கள் மேனேஜர் முகத்தையே பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார்.

"மெதுவாவே பேசும்மா" என்றார்.